பாதி அலுமாரி மிச்சம்

போர் முடிந்து முசலிப் பக்கம் சனங்கள் திரும்பிவந்து குடியேறத் தொடங்கிய காலம். தூர்ந்துபோன பழைய நல்லதண்ணிக் கிணறுகள் எங்கே இருந்தன என்று தேடும் வேலை எனக்கு வந்தது. மன்னாரில் ஒரு கந்தோரில் பழைய கோப்புகளைப் புரட்டினேன். முதல்நாள் ஏழு கிணறுகள் அகப்பட்டன, மறுநாள் இரண்டு. மூன்றாம் நாள் முழுதும் தேடிக் கிடைத்த ஒன்றும் ஏற்கெனவே எழுதியதுதான்.

ஆனாலும் அலுமாரியில் பாதி மிச்சம் இருந்தது. அடுத்த கோப்பில் ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயத்தில் எழும்ப மனம் வரவில்லை.

கூட வேலைசெய்த அக்கா கேட்டார்: "நாளைக்கும் இதுக்குள்ளயோ இருக்கப் போறீர்? ஊருக்குப் போய்ச் சனத்தைக் கேக்கலாமே."

"முசலிக்குப் போனால் வழியிலயே பாதி நாள் போயிடும், அக்கா."

"இஞ்ச இண்டைக்கு முழுநாளும் போச்சே."

எழுதிவைத்ததைப் புரட்டிப் பார்த்தேன். அகப்பட்ட கிணறுகளில் நாலை ஒரே மேசன் கட்டியிருந்தார். அவருடைய மகள் ஊருக்குத் திரும்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

மேசனின் மகள், அந்த ராத்தா, கூரைக்குக் கிடுகு வேய்ந்துகொண்டிருந்தார். "வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோன இடமெல்லாம் எனக்குத் தெரியும், வாங்கோ" என்று பற்றைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். மதியத்துக்குள் ஐந்து கிணறுகள் காட்டினார். நாலு நான் பார்த்த எந்தக் கோப்பிலும் இல்லாதவை. பிறகு நடந்து நடந்து யோசித்தும் அவருக்கு வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இனி என்ட மச்சாளைத்தான் கேக்க வேணும்" என்றார்.

இந்தமுறை நான் தயங்கவில்லை. மச்சாள் வீட்டுக்கு வழி கேட்டு உடனே நடந்தேன்.

அடுத்த மாதம் முதலாவது கிணற்றைத் தூர்வாரி இறைத்தார்கள். ராத்தா கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தார்.

"உப்பில்லை" என்றார்.