எட்டுக் கறுப்பும் பத்துச் சாம்பலும்

டயர் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் ஆறு தையல் மெஷின்கள். அவற்றுக்குச் சொந்தக்காரியை எல்லோரும் நேரில் ‘அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘ஆயில்கேன்’. எந்நேரமும் கையில் எண்ணெய்க் குப்பியோடு ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பெயர் வைத்தவன் எக்ஸ்பிரஸ். அந்த அறையில் வேகமாகத் தைக்கிறவனும் அவன்தான், வேகமாகப் பேசுகிறவனும் அவன்தான். அக்காவுக்கு எல்லாம் தெரியும். வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், தையல் ஒழுங்காக வருகிறதா, அதுதான் அவளுக்கு வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் சோப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அப்புறம் ஒரு தையல் கம்பெனியில் காஜா, பட்டன் என்று கைவேலை. அங்கே துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டரைத்தான் கட்டிக்கொண்டாள். இருவருமாகச் சேர்த்து, பழைய மெஷின் இரண்டு வாங்கி, அதை ஆறாக்கி, இந்த மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். வெட்டுவது மாஸ்டர். தைத்ததைச் சரிபார்ப்பது, மடித்துப் பெட்டியில் அடுக்குவது, சனிக்கிழமை கூலி கொடுப்பது எல்லாம் அக்கா. கூலி பீஸ் கணக்கு. தைத்த பீஸுக்குக் காசு. சாயங்காலம் அவரவர் எண்ணிக்கையைச் சொல்ல, அவள் எழுதிக்கொள்வாள். ஒரே உருப்படி, ஒரே ரேட்டு என்று இருந்தவரைக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் ஒரு பெரிய ஹோட்டல் ஆர்டரோடு மாடியேறி வந்தது. வேலையாட்களுக்கான பேண்ட். இடுப்பில் எலாஸ்டிக், பக்கத்துக்கு ஒரு பை, அவ்வளவுதான். துப்புரவுக்காரர்களுக்குச் சாம்பல் நிறம், பரிமாறுகிறவர்களுக்குக் கறுப்பு. ஒரே அளவு, ஒரே வெட்டு. மாஸ்டர் பத்துப் பத்தாகக் கட்டி ராக்கில் அடுக்கினார். அக்கா ஒரே ரேட்டு போட்டாள்.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தச் சங்கடம். தையல் எங்கே போகிறது என்பது கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு தையல் தவறினால் அதைத் தேடிப் பிரிப்பதற்குள் சாம்பலில் ஒரு பையையே வைத்துவிடலாம். ஆகவே காலையில் வருகிறவர்கள் ராக்கில் சாம்பலாகப் பார்த்து உருவிக்கொண்டார்கள். கடைசியாக வருகிறவருக்குக் கறுப்பு.

கடைசியாக வருகிறவர் கண்ணாடிக்காரர். மனைவிக்கு நடக்க முடியாது. அடுப்பு வேலையை முடித்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இரண்டாவது பஸ்ஸில்தான் வருவார். அவர் தைத்த பீஸில் அக்கா இதுவரை ஒரு குறை கண்டுபிடித்ததில்லை. மனிதர் வாயைத் திறந்து ஒன்று கேட்கவும் மாட்டார். மூன்று வாரம் கறுப்பையே தைத்தார். மூன்று வாரமும் சனிக்கிழமை அவர் கைக்குப் போனதுதான் அறையிலேயே குறைச்சல்.

நான்காவது சனிக்கிழமை எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவர் நின்றார்.

“அக்கா, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற கம்பெனியில கூப்பிடறாங்க. இந்த மாசம் முடிச்சுட்டுப் போயிடறேன்.”

அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்; இருந்தாலும் அவள் முதலாளி என்பதால் ‘அக்கா’தான்.

“ஏன் சார், இங்க என்ன குறை?”

“குறைன்னு இல்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாம்பலு யாரு கைக்குப் போகுது, கறுப்பு யாரு கைக்கு வருதுன்னு நீங்களும் பாத்துட்டுத்தானே இருக்கீங்க.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. ராக்குக்கு ஒட்டினாற்போல் உட்காருவது அவளுடைய சொந்தத் தங்கை. அவள் கைக்குத்தான் சாம்பல் முதலில் எட்டும். கண்ணாடிக்காரர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் உறுத்தியது.

திங்கட்கிழமையே கறுப்புக்குப் பீஸுக்கு இவ்வளவு கூடுதல் என்று அறிவித்தாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ராக்கில் கறுப்பு காணாமல் போனது. எக்ஸ்பிரஸ் காலடியில் மூன்று கட்டு, தங்கையின் ஸ்டூலுக்கு அடியில் இரண்டு. இரண்டாவது பஸ்ஸில் வந்தவருக்கு இப்போது சாம்பல் மட்டும்.

“அவருக்குச் சாம்பல்தானே கெடைக்காம இருந்துச்சு, இப்ப ராக்கு நெறய இருக்கு!” என்றான் எக்ஸ்பிரஸ்.

“வாயை மூடிட்டுத் தை. கறுப்புல கண்ணு போச்சுன்னா அப்புறம் பொண்ணு பாக்கப் போறப்ப யாரைப் பாக்கறேன்னே தெரியாது” என்றாள் தங்கை.

“நீ உன் ஸ்டூலுக்கு அடியில இருக்கறதை முதல்ல வெளிய எடு.”

அந்தச் சனிக்கிழமை கணக்கு ரகளையாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு பத்தி, சாம்பல் ஒன்று, கறுப்பு ஒன்று. “புதன்கிழமை சொன்ன ஆறு, கறுப்பா சாம்பலா?” என்று கேட்டால் சொன்னவனுக்கே நினைவில்லை. டீ இரண்டு முறை வந்து ஆறிப்போனது. கூட்டிய தொகை பெட்டியில் அடுக்கிய பேண்டோடு ஒத்துவரவில்லை. கடைசியில் ஆளாளுக்குச் சொன்னதையே கொடுத்து அனுப்பிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பழையபடி ஒரே ரேட்டு போட்டுடு. எழுதறதுக்காவது சுலபம்” என்றார் மாஸ்டர்.

“எழுதறதுக்குச் சுலபம். அந்த மனுஷன் போயிடுவாரே.”

மனம் நிலைகொள்ளாதபோது அக்கா பெட்டி அடுக்குவாள். அன்றும் அடுக்கினாள். பெட்டியின் வாயை மூடி டேப் ஒட்டும்போது, கை பழைய சோப்புக் கம்பெனிக்குப் போய்விட்டது. அங்கே பெரிய சோப்பு ஒரு பெட்டிக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும், சின்ன சோப்பு நிறையப் பிடிக்கும். ஆனால் சின்னது கைக்கு லேசு, சரசரவென்று போகும். பெட்டிக்கு ஒரே கூலி. மேஸ்திரி சோப்பை எண்ணவே மாட்டார்; பெட்டியைத்தான் எண்ணுவார். ஒருநாளும் யாரும் இந்த சோப்பு வேண்டும், அந்த சோப்பு வேண்டாம் என்று அடித்துக்கொண்டதில்லை.

“என்னங்க,” என்றாள், டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே. “இனிமே பீஸுக்குக் கூலி இல்ல. கட்டுக்குத்தான் கூலி. எல்லாக் கட்டுக்கும் ஒரே கூலி. சாம்பல்னா பத்து கட்டுங்க. கறுப்புன்னா எட்டு.”

மாஸ்டர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து இறக்கினார். “பத்துக்குக் குடுக்கற காசை எட்டுக்குக் குடுக்கறதா? அந்த வித்தியாசத்தை ஹோட்டல்காரன் குடுப்பானா?”

“மாட்டான். நம்ம லாபத்துலதான் கொறயும். கண்ணாடிக்காரர் போயிட்டா, மத்தவங்க தச்சதைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கற கூலியை மட்டும் அவன் குடுப்பானா?”

“சரி, எட்டுன்னு எப்படிச் சொல்ற? ஏழா இருக்கக் கூடாதா?”

“அதை நான் சொல்லப் போறதில்ல. ராக்கு சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டைகளை வெட்டினாள். ஒவ்வொரு அட்டையும் இரண்டு பாதி. இரண்டிலும் ஒரே எண். ஒரு பாதி கட்டோடு கட்டியே இருக்கும். மறுபாதியைக் கட்டு எடுக்கிறவர் கிழித்து, தன் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிக்கொள்ள வேண்டும். தைத்து முடித்த கட்டை அக்கா பார்ப்பாள். கோணல் இருந்தால், எண்ணைப் பார்த்துத் தைத்தவரிடமே திரும்பும். பிரித்துத் தைப்பது அவர் பொறுப்பு, அதற்குக் கூலி தனியாகக் கிடையாது. வெட்டில் பிசகென்றால் மாஸ்டரிடம் போகும். தைத்தவர் தலையில் விழாது. எல்லாம் சரியென்றால் ஆணியில் இருக்கும் பாதியில் முத்திரை. சனிக்கிழமை முத்திரை விழுந்த அட்டைகளை எண்ணினால் போதும். ஒரு கட்டை எடுத்து முடிக்காமல் இன்னொன்றைத் தொடக் கூடாது என்பது மட்டும் புது சட்டம். ஸ்டூலுக்கு அடியில் பதுக்கக் கூடாதல்லவா.

திங்கட்கிழமை இதைச் சொல்லி, கூடவே ஒன்று சொன்னாள். “எதை வேணா எடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தியானம் ராக்குல எது தேங்கி நிக்குதோ, அது கஷ்டமான கட்டுன்னு அர்த்தம். அதுல ஒண்ணைக் கொறப்பேன்.”

மத்தியானம் பார்த்தாள். கறுப்பு தேங்கி நின்றது. மறுநாளும் அப்படியே. எட்டை ஏழாக்கினாள். அடுத்த நாள் கறுப்பு ஒன்றுகூட இல்லை. சாம்பல் மலைபோல் நின்றது.

“எட்டுன்னா அதிகம், ஏழுன்னா கம்மி. ஏழரை கட்டுங்க மாஸ்டர், நானே அந்த அரைப் பேண்டைத் தைக்கறேன்” என்றான் எக்ஸ்பிரஸ்.

“உன் உயரத்துக்கு அது சரியாத்தான் இருக்கும்” என்றாள் தங்கை. அறையே சிரித்தது. கண்ணாடிக்காரர்கூட ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் கறுப்புத் துணியை ஊசிக்கு அடியில் தள்ளும்போது தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தைத் துணியில் விழவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்பிரஸும் அதையேதான் செய்தான், வேகமாக. கஷ்டம் துணியில் பாதி, வெளிச்சத்தில் பாதி.

ஆறு சின்ன விளக்குகள் வாங்கினாள், வளைகிற கழுத்து உள்ளவை. ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒன்றை முடுக்கி, மறுபடி கறுப்புக் கட்டை எட்டாக்கினாள். வியாழன் மத்தியானம் ராக்கில் இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒரே உயரம் நின்றன. வெள்ளியும் அப்படித்தான். சனிக்கிழமை அட்டைகளை எண்ணிக் கூலி கொடுத்து முடித்தபோது டீ இன்னும் சூடாகவே இருந்தது. கண்ணாடிக்காரர் உறையைப் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் ஆணியில் எத்தனை அட்டை இருந்தது என்பது அறைக்கே தெரிந்திருந்தது. எக்ஸ்பிரஸுக்கு அடுத்தபடி அவர்தான்.

போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் ‘ஆமா’ என்றுவிடுவாரோ என்று பயம்.

மாதத்தின் கடைசி நாள். எக்ஸ்பிரஸ் படியேறும்போதே யாரோ ஒருவனுடைய பைக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். பேசிக்கொண்டே ராக்கில் கையை விட்டு ஒரு கட்டை உருவி, அட்டையைக் கிழித்து ஆணியில் மாட்டி உட்கார்ந்தான். கறுப்பு. அவன் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. தங்கையும் முன்னால் இருந்ததை எடுத்தாள், அதுவும் கறுப்பு. மடிப்பு மேசையிலிருந்து அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். எண்ணெய்க் குப்பி கையில் அசையாமல் நின்றது.

இரண்டாவது பஸ் வந்தது. கண்ணாடிக்காரர் ஏறி வந்து, ராக்கைப் பார்த்தார். இரண்டு நிறமும் இருந்தன. மேலே கிடந்த சாம்பல் கட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். அணைத்தார். மறுபடியும் போட்டார்.

“அக்கா.”

அவள் மேசையை விட்டு வந்தாள். “சொல்லுங்க சார்.”

“இந்த லைட்டு கழுத்து எனக்கு வலது பக்கமா இருக்கு. கை நிழல் ஊசி மேல விழுது. இடது பக்கம் மாத்தி முடுக்கிக் குடுங்க.”

“இன்னைக்கேவா?”

“நாளைக்கு வந்ததும் கறுப்பு எடுக்கலாம்னு இருக்கேன்” என்றார் அவர். “சாம்பல் கண்ணைக் கூசுது.”

அக்கா ஸ்க்ரூ டிரைவர் தேடிப் போனாள். எக்ஸ்பிரஸ் முதல்முறையாகத் தன் மடியைக் குனிந்து பார்த்தான்.

“அட, இது கறுப்பா?” என்றான்.