வலைக்கு முன்னால் ஒரு செல்ஃபி

வங்கிக் கணக்குக்கு விண்ணப்பிப்பவர்கள் அடையாள அட்டையை முகத்தருகே பிடித்து ஒரு செல்ஃபி அனுப்புவார்கள். அது அசலா போலியா என்று பார்ப்பதுதான் சென்னையில் எனக்கு வேலை. மீஞ்சூரில் ரயில் பிடித்துப் போய், நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அன்று வந்த படத்தில் இருந்தவள் எங்கள் பழவேற்காடு பக்கத்துப் பெண். கைரேகைக் கருவி அவள் விரலை ஏற்கவில்லை என்று குறிப்பு சொன்னது. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு ரேகை எங்கே மிஞ்சும்? ரேஷன் கடையில் என் அம்மாவின் கட்டைவிரலுக்கும் இதே கதிதான். இவளுடைய செல்ஃபியும் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளப்பட்டிருந்தது. மூன்றாவதும் போனால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், கணக்கு கிடையாது.

திரையில் தெரியும் படத்தையே மறுபடி படமெடுத்திருக்கிறாள் என்பது மென்பொருளின் சந்தேகம். பின்னால் அலையலையாகக் கோடுகள் இருந்தன. மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"ஸ்க்ரீன்தான் மேடம். தள்ளிடுங்க."

"இல்ல சார், அது வலை."

"இன்னா வலை?"

காயப்போட்ட நைலான் வலை. நெருக்கமான கண்ணியை கேமராவில் எடுத்தால் இப்படிக் கோடு விழும். திரையை எடுத்திருந்தால் கோடு முகத்திலும் கார்டிலும் சேர்ந்தே ஓடியிருக்கும். இங்கே வலையோடு நின்றுவிட்டது. திரையின் விளிம்பும் இல்லை, பளபளப்பும் இல்லை. விரலின் நிழல் கார்டின் மேல் விழுந்திருந்தது. கார்டு சாய்ந்த பக்கமே எழுத்தும் சாய்ந்திருந்தது. எல்லாவற்றையும் காட்டினேன்.

"உங்க ஊரா?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப நீங்க முடிவு பண்ணக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்வேன் என்று நினைக்கிறாரே என்ற கோபம்.

"வேற யார்கிட்டனா குடுங்க. நான் எழுதி வெச்சத படிச்சிட்டுப் பாக்கச் சொல்லுங்க. என் கையால தள்ள மாட்டேன்."

அடுத்த மேசைக்காரி நிதானமாகப் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தாள். மேலாளர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுவாரம் அதே செல்ஃபி வேறு பெயரில் வந்தது. நெற்றியில் விழுந்த முடி, கார்டைப் பிடித்த விரல், வலையின் மடிப்பு, எதுவும் மாறவில்லை. கார்டில் பெயரும் எண்ணும் மட்டும் புதிது. கார்டு சாய்ந்திருக்க, அவை மட்டும் நேராக நின்றன. சுற்றியிருந்த எழுத்தெல்லாம் மங்கல், அவை மட்டும் பளிச். யாரோ அவள் படத்தைத் திருடி ஒட்டுவேலை செய்திருக்கிறான். மேலாளரைக் கூப்பிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"போலிதான். நீங்களே தள்ளிடுங்க மேடம்."

"நான் முடிவு பண்ணக் கூடாது சார்," என்றேன். "எங்க ஊரு."