சமையலறையில் சிரித்த குரங்கு

பாடாலூரில் ஒரு வீட்டுச் சமையலறைக்குள் குரங்கு புகுந்துவிட்டதாக அழைப்பு வந்தது. வனக்காவலரான நான் போனபோது, வீட்டுக்காரர் கதவை மறித்து நின்று வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், என்னப் பாத்து சிரிக்குது. பழகிடுச்சு."

மூலையில் ஒடுங்கியிருந்த குரங்கு, உதடுகளைப் பின்னுக்கு இழுத்துச் சத்தமின்றிப் பற்களைக் காட்டியது. அவர் முகத்தை அது நேராகப் பார்க்கவில்லை.

"அது சிரிப்பு இல்லீங்க, பயம். விட்டுடுன்னு கெஞ்சுது. வழிய மறிச்சுக்கிட்டு இன்னும் கிட்டப் போனா கையக் கடிச்சிடும்."

"இவரு மூஞ்சிய இருபது வருஷமா நான் பாக்கறேன். அதுக்கு ஒரு நாளே தாங்கல," என்றார் பின்னால் நின்ற மனைவி.

வீட்டுக்காரர் கையை இழுத்துக்கொண்டார். மூவரும் கதவை விட்டுத் தள்ளி நின்றோம். ஒரு நிமிடத்துக்குள் குரங்கு வெளியே பாய்ந்து ஓடியது. அவர் கையில் கீறல்கூட இல்லை.