நூற்று மூன்றும் தொண்ணூற்றெட்டும்

மறக்க நினைத்து, மறக்க முடியாமல், கடைசியில் மறக்கவே விரும்பாமல் போன பெருக்கல் கணக்கு ஒன்று எனக்கு உண்டு. அறுபதுகளின் கடைசியில், நான் ஆசிரியையாகி இரண்டாவது வருடம் அது நடந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வயதைவிட வாய்க்கொழுப்பு அதிகம்.

கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் இருந்த ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் எனக்கு வேலை. நீளமான ஒரே கூடம், நடுநடுவே மூங்கில் தட்டி, ஐந்து வகுப்புகள், நான்கு ஆசிரியர்கள். முதல் வகுப்பு 'அணில்' என்று கத்தினால் ஐந்தாம் வகுப்பு கங்கை நதியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வழக்கமாகத் தலைமையாசிரியருடையது. அந்த வருடம் அவருக்கு யூனியன் ஆபீஸ் வேலை கூடிவிட்டதால் அதை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். எதிர்த்துப் பேசத் தெரிந்த குழந்தைகள் எனக்குப் பிடிக்கும்.

மனக்கணக்கில் எனக்குப் பைத்தியம் உண்டு. திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது, விடுதியில் குளியலறைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் நாங்கள் ஆடிய ஆட்டம் அது. ஒருத்தி எண்களைச் சொல்வாள். முதலில் விடை சொல்பவளுக்கு வரிசையில் ஓர் இடம் முன்னால். இரண்டு வருடமும் நான் வெந்நீரில்தான் குளித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வித்தைகளை எல்லாம் ஐந்தாம் வகுப்பில் இறக்கிவிட்டேன். ஐந்தில் முடியும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டுமா? முன்னால் உள்ள எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கு, பக்கத்தில் இருபத்தைந்து எழுது. முப்பத்தைந்துக்கு மூன்று நான்கு பன்னிரண்டு, பக்கத்தில் இருபத்தைந்து, ஆக 1225. நூறுக்குப் பக்கத்து எண்கள் என்றால் இன்னும் வேடிக்கை. 97 × 96. நூறுக்கு ஒன்று மூன்று குறைவு, மற்றொன்று நான்கு குறைவு. தொண்ணூற்றேழில் நான்கு போனால் தொண்ணூற்று மூன்று. மூன்று நான்கு பன்னிரண்டு. சேர்த்து எழுதினால் 9312. இரண்டு எண்ணும் நூறுக்கு மேலே இருந்தால் குறைப்பதற்குப் பதில் கூட்டு. 104 × 103 என்றால் நூற்றேழு, பக்கத்தில் பன்னிரண்டு, 10712. குழந்தைகள் சிலேட்டைக் கீழே போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த நான்காம் வகுப்பும் சேர்ந்து கத்தியது.

ஒருநாள் தலைமையாசிரியர் உள்ளே வந்து, "எண்பத்தஞ்சு எண்பத்தஞ்சு?" என்றார். அவர் சாக்பீஸை எடுப்பதற்குள், "ஏழாயிரத்து எரநூத்தி இருவத்தஞ்சு!" என்று கூடமே அதிர்ந்தது.

அவர் முன்வரிசைப் பையன் ஒருவனைப் பார்த்தார். "எப்டிடா வந்துச்சி?"

"எட்டு ஒம்போது எழுவத்திரண்டு, பக்கத்துல இருவத்தஞ்சு சார்."

"பக்கத்துல ஏன்டா இருவத்தஞ்சு?"

"டீச்சர் சொன்னாங்க சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னா டீச்சர் இது, கணக்கா, ஜோசியமா? வாய்ப்பாடு ஒழுங்கா தெரியாம பசங்க மந்திரம் சொல்லிக்கினு கீறாங்க."

"வெட சரியா வருது இல்ல சார்?" என்றேன். சொன்ன தோரணை சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வயது மனிதரைப் பற்றி அப்படி நினைக்க எனக்கு வெட்கமே இல்லை.

அவர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். "அடுத்த மாசம் மன்றம் நம்ம ஸ்கூல்ல. மாதிரிப் பாடம் நீங்களே எடுங்க. இதையே எடுங்க. எல்லாரும் பார்த்து நல்லாகீதுன்னா, அஞ்சாங்கிளாஸ் உங்களுது. இல்லன்னா ஒன்னாங்கிளாஸுக்குப் போய்டுங்க" என்றார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் எல்லாம் ஒரு பள்ளியில் கூடுவதுதான் மன்றம். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்துகூட இரண்டு பஸ் மாறி வருவார்கள். யாராவது ஒருவர் மற்றவர்கள் முன்னால் பாடம் நடத்த வேண்டும். அது முடிந்ததும் விமர்சனம். 'கரும்பலகையில் எழுத்து சாய்கிறது' என்பதிலிருந்து 'டீச்சர் சேலை முந்தானையால் கை துடைக்கிறார்' என்பது வரை எதையும் விடமாட்டார்கள். விமர்சனத்தைக் குறிப்பேட்டில் எழுதியபிறகுதான் சாப்பாடு.

ஐந்தாம் வகுப்பை இழப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. ஒரு மாதம் குழந்தைகளைப் போட்டு வறுத்தெடுத்தேன். 99 × 98 என்றால் 972 என்று சொல்லக்கூடாது, இரண்டு இலக்கம் வேண்டும், 9702 என்று சொல்ல வேண்டும், அதையும் சொல்லிக்கொடுத்தாயிற்று. எந்தப் பக்கம் இருந்து கல் வந்தாலும் தடுத்துவிடலாம் என்ற தைரியம் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பள்ளித் துணை ஆய்வாளரும் வந்து முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்கட்டில் இறால் தொக்கு வாசனை. பாடம் பிரமாதமாகப் போனது. 65 × 65 என்றேன், 4225 என்றார்கள். 94 × 97 என்றேன், 9118 என்றார்கள். பின்வரிசை ஆசிரியர்கள் கையில் இருந்த காகிதத்தில் பெருக்கிப் பார்த்து முடிப்பதற்குள் விடை வந்துகொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார் ஆய்வாளர்.

"கேளுங்க சார்" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"நூத்தி மூணு, தொண்ணூத்தெட்டு."

ஒரு நொடிதான். குழந்தைகள் ஒரே குரலில், "பத்தாயிரத்து நூத்தி ஆறு!" என்றார்கள். நூற்று மூன்றில் இரண்டு போனால் நூற்றொன்று, மூன்று இரண்டு ஆறு. நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருந்தார்கள். "சபாஷ்!" என்று நானே முதலில் கைதட்டினேன். பாதிப் பேர் சேர்ந்து தட்டினார்கள்.

தலைமையாசிரியர் தட்டவில்லை. மடியில் இருந்த காகிதத்தில் நேர்வழியில் பெருக்கிக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்து, "ஒரு தபா போர்டுல போட்டுப் பாத்துடுங்க டீச்சர்" என்றார்.

போட்டேன். 10094 வந்தது. கூட்டல் தப்பு என்று நினைத்து இன்னொரு முறை போட்டேன். அதே 10094. தட்டிக்குப் பின்னால் யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம் மட்டும் கேட்டது. விடுதி ஆட்டத்தில் நாங்கள் எப்போதும் இரண்டு எண்ணையும் நூறுக்குக் கீழே சொல்வோம், அல்லது இரண்டையும் மேலே சொல்வோம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று யாரும் சொன்னதே இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூக்கு உடைந்தது மட்டுமல்ல, இருபத்தெட்டுக் குழந்தைகளின் மூக்கையும் சேர்த்து உடைத்திருந்தேன்.

"ஏன் டீச்சர் தப்பா வந்துச்சி?" என்றாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி. அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

எனக்கு விடை தெரியவில்லை. இத்தனை நாளும் ஏன் சரியாக வந்தது என்பதே எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. 'ஏன்டா இருவத்தஞ்சு' என்று தலைமையாசிரியர் கேட்டதன் அர்த்தமும் உறைத்தது.

"தெரியல கண்ணு. வா, பாக்கலாம்" என்றேன். சாக்பீஸை எடுத்து, "தொண்ணூத்தெட்டுன்னா நூறுல ரெண்டு கொறச்சல். மொதல்ல நூத்தி மூணு நூறு எடுத்துக்கலாம். எவ்ளோ?"

"பத்தாயிரத்து முந்நூறு!"

"அதுல ரெண்டு நூத்தி மூணத் திருப்பிக் குடுக்கணும். எவ்ளோ?"

"எரநூத்தி ஆறு!"

"நாம நூத்தி மூணு நூறை நூத்தியொரு நூறா ஆக்கினோமே, அப்ப எவ்ளோ குடுத்தோம்?"

குழந்தைகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். பிறகு அந்தச் சிறுமியே எழுந்து நின்றாள். "எரநூறுதான் டீச்சர் குடுத்தோம். ஆறு பாக்கி கீது!"

"அப்ப ஆறைச் சேக்கணுமா, எடுக்கணுமா?"

"எடுக்கணும்!" என்று கத்தியது குழந்தைகள் மட்டுமல்ல. நான்கைந்து ஆசிரியர்களும் கத்திவிட்டார்கள்.

விடாமல் 97 × 96 ஐயும் அப்படியே பிரித்தோம். தொண்ணூற்றேழு நூறில் நான்கு நூறு எடுத்துவிடுகிறோம். உண்மையில் எடுக்க வேண்டியது நான்கு தொண்ணூற்றேழு, அதாவது 388 தான். பன்னிரண்டு அதிகமாக எடுத்துவிட்டோம், அதனால்தான் திரும்பச் சேர்க்கிறோம். எழுதி முடித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு வருடம் வெந்நீர் வாங்கிக் கொடுத்த வித்தையின் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவமானம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அதற்குப் பிறகு விமர்சனம் நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. ஒருவர் 104 × 97 என்று எழுதினார், இன்னொருவர் "10088" என்று முந்திக்கொண்டார். பொன்னேரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், இரண்டு அறுபத்தைந்தை அறுபதும் எழுபதுமாக மாற்றினால் இருபத்தைந்து எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிடுவதாகச் சொல்லி, என் கையில் இருந்த சாக்பீஸைப் பறித்தார். அறுபது எழுபது நாலாயிரத்து இருநூறு, இருபக்கமும் ஐந்து ஐந்து நகர்ந்ததால் குறைந்தது ஐந்து ஐந்து இருபத்தைந்து. "அட, ஆமாய்யா!" என்று ஆய்வாளர் தொடையில் தட்டினார். சமையல்காரம்மா மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு ஆறிப் பேஜாராவுது" என்று திட்டிவிட்டுப் போனார்.

ஒருவழியாகக் குறிப்பேடு சுற்றிவந்தது. ஆளாளுக்கு இரண்டு வரி எழுதினார்கள். என் எழுத்து சாய்வதையும் விடவில்லை. கடைசியாகத் தலைமையாசிரியரிடம் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் எழுதினார். முதல் வகுப்புதான் என்று முடிவுகட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குக்கூட நான் போகவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு தனியாகப் போய்க் குறிப்பேட்டைப் பிரித்தேன்.

'பாடம் தவறாக நடந்தது. ஆசிரியை தவறைக் குழந்தைகள் முன்னால் மறைக்கவில்லை, அவர்களோடு சேர்ந்து தேடினார். ஐந்தாம் வகுப்பு இவரிடமே இருக்கட்டும்.'

பந்தியில் அவர் பக்கத்தில் இடம் இருந்தது. போய் உட்கார்ந்து, அழுதுகொண்டே மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.