கோடு போட்ட இடம்

எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு போனில் குறிப்புச் சொல்வார்கள். மெஷின் அதை எழுத்தாக்கி எங்களுக்கு அனுப்பும். எழுத்து மட்டுந்தான் வரும், குரல் வராது. காதில் சரியாக விழாவிட்டால், அதற்குக் கிட்டத்தில் எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதைத் தூக்கிப் போட்டுவிடும் அந்த மகராசன். திருத்துவது எங்கள் பிழைப்பு.

அக்கா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். நிச்சயமாகத் தெரிந்ததை எழுதுவாள். ஊகமென்றால் சொல்லுக்கு அடியில் கோடு, ஓரத்தில் காரணம். ஊகிக்கவே முடியாவிட்டால் வெறும் கோடு. அதை எடுத்துக்கொண்டு மாடியேறி டாக்டரிடமே கேட்டுவிட்டு வருவாள். "மெஷின் ஒரு 'இல்ல'ய முழுங்கிட்டா, இல்லாத வியாதி வந்துடும்டி" என்பாள். அவளால் எங்கள் பிரிவின் வேலை தேங்கும். மேனேஜரிடம் திட்டு எனக்கும் சேர்த்து விழும். எரிச்சலாக வரும்.

அவளுடைய தம்பி லாரி டிரைவர். மலை இறக்கத்தில் வண்டி சுவரில் மோதிச் செத்துப்போனான். பிரேக் கோளாறு தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் ஓட்டினான், தப்பு முழுக்க அவன் மேல்தான், குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது என்று கம்பெனி கைகழுவியது.

பதினாறாம் நாள் கழிந்து தம்பி மனைவி போனை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தாள். ஓட்டும்போது அவன் வாயால் சொல்ல, போனே எழுத்தாக்கிச் செய்தி அனுப்புமாம். கடைசியாக இவளுக்கு வந்தது இது: 'பிறகு சரியா பிடிக்கல முதலாளி கிட்ட சொல் மலை இறங்கிட்டு பேசறேன்.'

"வக்கீல் படிச்சுட்டு ஒண்ணுமே புரியலங்கறார் அண்ணி. சுத்தமா எழுதி வாங்கிட்டு வரச் சொன்னார்."

அக்கா பழைய செய்திகளை எல்லாம் புரட்டினாள். ஒருமுறை அவன் 'பிறகு லைட் எரியல' என்று அனுப்பி, அடுத்ததாக விரலால் 'பிரேக் லைட்' என்று தட்டியிருந்தான். "அப்ப இதுவும் பிரேக்தான். பிடிக்கலன்னு வேற வருது" என்று சொல்லி, 'பிரேக்' என்று எழுதி, அடிக்கோடிட்டு, காரணமும் போட்டாள்.

'சொல்'லில் வந்து நின்றாள்.

"இதுல என்னக்கா யோசனை? சொல்லிட்டேன்னு எழுதுங்க. சத்தத்துல வால் அறுந்து போச்சு, அவ்வளவுதான்!"

"சொல்லணும்னு இருந்தா? அப்ப இன்னும் சொல்லலன்னுதானே ஆகும்!"

அவன் வேறெங்கும் அந்தச் சொல்லை அப்படி விட்டிருக்கிறானா என்று தேடினாள். இல்லை. சாயங்காலம் லாரி நிற்கும் இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இன்ஜின் சத்தத்தில், அவன் வைத்திருந்த மாதிரிப் போனில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். இரண்டுக்கும் வாலறுந்த 'சொல்'லே வந்தது. "என் குரல் அவன் குரலும் இல்ல. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். அப்புறம் அங்கேயே, நடுத்தெருவில், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "டாக்டர்னா மாடியேறிக் கேட்டுடுவேன். இவன்கிட்ட எங்கடி போய்க் கேப்பேன்?"

நானாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'சொல்லிட்டேன்' என்று எழுதியிருப்பேன். கூடப்பிறந்தவனுக்காக ஒரு சொல் எழுதினால் கை அழுகிவிடுமா? இவளோ மறுநாள் மெஷின் எழுதியதை அப்படியே மேலே எழுதி, கீழே 'சொல்லிட்டேன், அல்லது சொல்லணும்' என்று போட்டாள்.

மூன்றாவதாக எதையோ எழுதினாள். எட்டிப் பார்த்த நான் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, வேணாம். அதையாவது விட்டுடுங்க. அவ தாங்க மாட்டா."

"அவன் சொல்லாததையும் எழுத மாட்டேன். சொல்லியிருக்கக்கூடியத மறைக்கவும் மாட்டேன். மெஷின் எழுதினது அப்படியே சரியாவும் இருக்கலாம்ல?"

தம்பி மனைவி வந்து தாளை வாங்கினாள். முதல் இரண்டையும் படித்துவிட்டு, "இத வச்சுகிட்டு வக்கீல் என்ன அண்ணி பண்ணுவார்? 'அல்லது'ன்னா கம்பெனிக்காரன் சிரிப்பானே" என்றாள். அவள் கண் கீழே இறங்கியது. மூன்றாவது இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"சொல்லு... என்னையா? என்னைச் சொல்லச் சொன்னாரா, முதலாளிகிட்ட?"

"தெரியலம்மா. கோடு போட்டிருக்கேன் பாரு. தெரியல."

தம்பி மனைவி போனை எடுத்து, அந்தச் செய்திக்கு அன்று அனுப்பிய பதிலை எங்களுக்குக் காட்டினாள். ஒரு சிரிக்கிற பொம்மை.

"ஏதோ உளறுதுன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள்.