பத்தொன்பது புள்ளி ஒன்று

கணவன் லாசரஸை அடக்கம் செய்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அமலராணி இன்னும் அழவில்லை. பீர்க்கன்கரணையில் அக்கம்பக்கத்தார் அதைக் கவனித்து வைத்திருந்தார்கள். அவளுக்கே அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. காலையில் எழுந்தாள், இரண்டு பேருக்கு அரிசி போட்டு ஒரு பங்கைத் திரும்ப எடுத்தாள், இரும்புலியூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

அங்கே வேதியியல் லேபில் அவள் உதவியாளர். படித்தது பிளஸ் டூ. பத்தொன்பது வருஷமாகக் கரைசல் கலக்குவதும், பியூரெட் என்கிற அளவுக்குழாயைக் கழுவுவதும், பிள்ளைகள் உடைத்ததை எழுதிவைப்பதும்தான் வேலை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கலக்கிக் கலக்கிக் கை பழகிக்கொண்டது.

அன்று பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. மதியக் குழுவில் பன்னிரண்டு பேர். வேறு பள்ளியிலிருந்து தேர்வாளராக வந்திருந்த துளசிங்கம் சார் விடைத்தாள்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, வேதியியல் ஆசிரியை பிளஸ்ஸியைக் கூப்பிட்டார்.

"மேடம், பதினொரு பேருக்கு இருபது புள்ளி நாலு. உங்க சீட்டுலயும் அதே. இந்தப் பொண்ணுக்கு மட்டும் பத்தொன்பது புள்ளி ஒண்ணு. ஒண்ணு புள்ளி மூணு மில்லி தள்ளி நிக்குது. மார்க் போட வழியில்ல."

கடைசி மேசையில் சினேகா நின்றிருந்தாள். நர்சிங்குக்குப் போகவேண்டும் என்று அலைகிற பெண். "மூணு தடவ பண்ணேன் மிஸ். மூணு தடவையும் அதான் வந்துச்சு."

"ரோஜாமில்க் கலருக்குக் கொண்டுபோயிருப்பா சார்," என்றான் பக்கத்து மேசை கிரீஷ்.

"ரோஜாமில்க் வர்ற வரைக்கும் விட்டா ஜாஸ்தியில்லடா வரும்? இவளுக்குக் கொறைச்சலா வந்திருக்கு. வாய மூடு," என்றாள் பிளஸ்ஸி.

அமலராணி கழுவு தொட்டியருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீட்டு என்றால் அவள் எழுதுகிற சீட்டு. பரீட்சைக்கு வைக்கும் அமிலத்தை முதலில் அவளே டைட்ரேட் செய்து, அதாவது அதைத் தீர்க்க எத்தனை மில்லி காரம் பிடிக்கிறது என்று பார்த்து, எழுதித் தேர்வாளரிடம் கொடுப்பாள். பாட்டில் மாறினால் சீட்டும் மாறும். பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் 'வேல்யூ'. காலைக் குழு வெளியே போகும்போது மதியக் குழுவின் காதில் வேல்யூ விழுந்துவிடும். அது எல்லா வருஷமும் நடப்பதுதான்.

தொட்டியின் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்த ஒரு பெரிய பாட்டில் வடிந்துகொண்டிருந்தது. காலையில் வைத்த அமிலத்தின் பாட்டில்.

அப்படியானால் மதியத்துக்குப் புது அமிலம் கலந்திருக்கிறாள். எப்போது? நினைத்துப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவியது ஞாபகம் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. நோட்டைத் திறந்தாள். காலை வரிக்குக் கீழே வெற்றுத்தாள். கலந்திருக்கிறாள், டைட்ரேட் செய்யவில்லை, சீட்டு எழுதவில்லை. பத்தொன்பது வருஷத்தில் இது முதல் தடவை.

பயம் வரவேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை.

"சார்," என்றாள். "மதியானம் பாட்டில் மாத்துனேன். புதுச் சீட்டு எழுதல. என் தப்பு."

துளசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ பதினொரு பேருக்குப் பழைய வேல்யூ எப்படிம்மா வந்துச்சு? ரெண்டுல ஒண்ணுதான் நிஜம். நீங்க கலந்தது பழசு மாதிரியே அமைஞ்சிருக்கணும், இல்லன்னா இந்தப் பசங்க..." கிரீஷ் தன் செருப்பைப் பார்த்தான்.

"பண்ணிப் பாத்துடலாம் சார். எல்லார் முன்னாடியும்."

பியூரெட்டைக் காரக் கரைசலால், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடால், இரண்டு முறை அலசினாள். தண்ணீர் ஒட்டியிருந்தால் காரம் நீர்த்துவிடும். நிரப்பி, புனலை எடுத்துவிட்டு, அடியில் தங்கிய காற்றுக்குமிழியைக் குழாயைத் திறந்து வெளியேற்றி, சுழியத்தில் நிறுத்தினாள். பிப்பெட்டை அமிலத்தால் அலசினாள். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் வாலை வடிநீரால் கழுவினாள். அதில் அமிலம் ஒட்டியிருந்தால் இருபது மில்லிக்கு மேல் ஆகிவிடும். இருபது மில்லி அமிலத்தைப் பிப்பெட்டால் இறக்கினாள். நுனியில் நின்ற கடைசிச் சொட்டை ஊதாமல், குடுவைச் சுவரில் தொட்டு எடுத்தாள். நிறம் காட்டும் பினாப்தலின் இரண்டு சொட்டு. குடுவையில் நிறமே இல்லை. கீழே வெள்ளை ஓடு.

கை தானாக நடந்தது. இடது கை குழாயில், வலது கை குடுவையைச் சுழற்றியது. காரம் விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் பூத்து, சுழன்றதும் மறைந்தது. மறையும்வரை உள்ளே அமிலம் மிச்சம் இருக்கிறது. விழுகிற காரத்தை அது உடனே தீர்த்துவிடுகிறது. பதினைந்து மில்லி வரை வேகமாக விட்டாள். பதினெட்டில் நிறம் மறையத் தாமதித்தது. குழாயை இறுக்கினாள். இனிச் சொட்டுச் சொட்டாக.

பன்னிரண்டு பேரும் நெருங்கி வந்துவிட்டார்கள்.

ஒரு சொட்டு. மறைந்தது. இன்னொன்று. மெதுவாக மறைந்தது. அடுத்த சொட்டை முழுதாக விழவிடாமல் நுனியில் பாதியாகத் தொங்கவிட்டு, குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்து, வடிநீரைப் பீய்ச்சி உள்ளே இறக்கினாள்.

குடுவை முழுக்க லேசான ரோஸ் ஏறியது. வெள்ளை ஓடு இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. சுழற்றினாள். நின்றது. சுவர்க் கடிகாரத்தில் முப்பது விநாடி பார்த்தாள். நின்றது. அமிலம் அத்தனையும் தீர்ந்துவிட்டது. அந்தப் பாதிச் சொட்டுக்குத் தீர்க்க எதுவும் இல்லாததால் அது நிறமாக நிற்கிறது.

பியூரெட்டின் மட்டத்துக்குக் குனிந்து, திரவக் குழிவின் அடியைப் பார்த்தாள். எண்ணைச் சொல்லவில்லை. "நீங்களே பாருங்க சார்."

"பத்தொன்பது புள்ளி ஒண்ணு," என்றார் துளசிங்கம்.

இன்னொரு குடுவையில் மறுபடி செய்தாள். பத்தொன்பது புள்ளி ஒன்று.

பிளஸ்ஸி கிரீஷ் பக்கம் திரும்பினாள். "கிரீஷ், உன் டைட்ரேஷன்ல எண்ட் பாயிண்ட் என்ன கலர்டா?"

"ரோஸ் மிஸ்."

"பாத்தியா?"

"...சொன்னாங்க மிஸ்."

துளசிங்கம் பதினொரு தாள்களையும் திருப்பிக் கொடுத்தார். "எல்லாரும் மறுபடி. பக்கத்து மேசையப் பாத்தா தாளைக் கிழிச்சிடுவேன்." சினேகாவின் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அமலராணியின் பக்கம் தள்ளினார். "சீட்டு எழுதாம விட்டதை எழுதிக் குடுத்துடுங்கம்மா. ஃபைல்ல வைக்கணும்."

"தரேன் சார்."

பாட்டில் மாற்றிய நேரம் தெரியவில்லை, ஞாபகமில்லை என்று அப்படியே எழுதினாள். பொய்யாக ஒரு மணியைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டாள்.

சினேகா போகாமல் குடுவை அருகே நின்றிருந்தாள். "அக்கா, கலர் போயிடுச்சே!"

முதல் குடுவை நிறமற்றிருந்தது.

"காத்துல இருக்கிற கரியமில வாயு தண்ணில கலந்தா போயிடும்," என்றாள் அமலராணி. "அதுக்காகத் திரும்பச் சொட்டு விடக் கூடாது. அரை நிமிஷம் நின்னுச்சுல்ல? அப்பவே முடிஞ்சது."

"நான் ரொம்ப பயந்துட்டேங்கா. தேங்க்ஸ்."

"மூணு தடவ நீதான் பண்ண. நான் ரெண்டு தடவதான்."

சினேகா போனதும் நோட்டில் வெற்றாக இருந்த வரியில் தேதியும் 19.1-ம் எழுதினாள். குடுவையைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்தாள். குளிர்ந்த தண்ணீர் கையில் விழுந்தது. குளிர்கிறது என்பது சற்றுத் தாமதமாகத் தெரிந்தது. கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.