தட்டில் எடுத்த வெற்றிலை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். காஜா பேராங் பகுதியில் எங்கள் சங்கத்துக்கு ஒரு பலகை வீடு இருந்தது. முன்னால் கூடம், பின்னால் காப்பி போடும் இடம். குடும்பச் சண்டைகளை அங்கே மூன்று பேர் உட்கார்ந்து கேட்போம். மளிகைக் கடை வைத்திருந்த தலைவர், தமிழ்ப் பள்ளி வாத்தியார், நான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பெண்களிடம் பேச அவர்களுக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

எந்த வழக்கானாலும் முதலில் இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்போம். சேர்த்து உட்கார வைக்கலாமா என்பது அதற்குப் பிறகுதான். ஒரு சமயம் ஒரே அடுப்படிக்காகச் சண்டை போட்ட ஓரகத்திகள் இருவர் வந்தார்கள். தெருவே கேட்கும்படி கத்தினார்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைக்கத் தயங்கவே இல்லை. இருவருக்கும் வாய் சமம். வீட்டுக்குப் போனால் ஒருத்தியை ஒருத்தி ஒன்றும் செய்யப் போவதில்லை.

உட்கார வைப்பது என்று முடிவானால் தாம்பூலத் தட்டு வரும். இருவரும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தால் பேசச் சம்மதம். எடுத்த பிறகு பாதியில் எழுவது சங்கத்துக்கே அவமானம்.

நான் சொல்ல வந்த அன்று வந்தவர் லாரி ஓட்டுகிறவர். கோயில் திருவிழாவில் பந்தல் கட்டுவது முதல் பந்தி விசாரிப்பது வரை அவர்தான் முன்னால் நிற்பார். மனைவி கைப்பிள்ளையோடு அக்காள் வீட்டில் போய் இருந்தாள். அவளைத் திரும்பக் கூட்டிப் போகவேண்டும், பஞ்சாயத்து வையுங்கள் என்று கேட்டது அவர்தான். அவளையும் வரச் சொல்லியிருந்தோம். தெரிந்த மனுஷர் என்பதால் தலைவர் முறையை மறந்து, தட்டை முதலிலேயே நகர்த்திவிட்டார்.

அவர் எடுத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்த பிறகே எடுத்தாள்.

“என்னம்மா, வீட்டுக்குப் போறதுல உனக்கு ஏதும் சூசா, கஷ்டம் இருக்கா?” என்றார் தலைவர்.

“ஒன்னுமில்லண்ணே. அவரு சொல்றது சரிதான்.”

அவர் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

“பிள்ளைக்குப் பால் கலக்கணும், வா தங்கச்சி” என்று அவளைப் பின்னால் அழைத்துப் போனேன். அவரும் எழுந்தார். “நீங்க உக்காருங்க தம்பி. அடுப்படியில ஆம்பளைக்கு என்ன வேலை?” என்றேன். வாத்தியார் சிரித்தார், அவரும் சிரித்து உட்கார்ந்தார்.

அடிப்பாரா என்று கேட்கமாட்டேன். இல்லை என்றுதான் வரும். “அவருக்குக் கோபம் வந்தா நீ எங்கே போய் நிப்பே?” என்றேன்.

“கதவைப் பூட்டிருவாருக்கா.”

“உன் ஐ.சி., அடையாளக் கார்டு, யாருகிட்ட?”

“அவருகிட்ட.”

“இங்கே அவருக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை நீ சொன்னா, வீட்டுல என்ன ஆகும்?”

வெகுநேரம் பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். “போன தடவ என் மாமா வந்து பேசினாரு. இவரு எல்லார் கால்லயும் விழுந்தாரு. அவங்க போன பெறகு கழுத்தைப் பிடிச்சாரு. மூச்சு நின்னு போச்சுக்கா. திரும்ப ஆளைக் கூட்டினா பிள்ளையையும் சேத்துப் புதைப்பேன்னாரு.”

“அவரு முன்னால உக்காந்து பேச உனக்கு இஷ்டமா?”

“என்னை அனுப்பாதீங்க.”

தலைவரைக் கடைச் சாமான் கேட்கிற சாக்கில் பின்னால் கூப்பிட்டுச் சொன்னேன்.

“வெத்தலை எடுத்தாச்சேம்மா! அவன் அப்படிப்பட்டவன் இல்ல. வேணும்னா ரெண்டு பேரையும் வேற வேற இடத்துல வச்சு நாம தூது போவோம்.”

“யார் கொண்டுபோனாலும் அது அவ வார்த்தைதானே? பதில் சொல்லப்போறது அவ கழுத்து. இது பேசித் தீர்க்கிற வழக்கு இல்லண்ணே. கவர்மெண்டு வெல்ஃபேர் ஆபீசுக்குப் போகட்டும்.”

அரைமனதோடு கூடத்துக்குப் போனார். “தம்பி, இது எங்களுக்கு அடங்குற வழக்கு இல்ல. முறை தப்பித் தட்டை வச்சது நான்தான். சங்கம் இதை எடுத்துக்காது” என்றார்.

“அவ என்ன சொன்னா?”

“அந்தப் பிள்ளை ஒன்னும் சொல்லல. இது சங்கத்து முடிவு.”

அதற்குள், என் சாடையைப் புரிந்து பின்னால் வந்த வாத்தியார் பின்வாசலில் திரிஷா வண்டி பிடித்து, அவளையும் பிள்ளையையும் ஏற்றி, தானும் கூடவே போய்விட்டார். அக்காள் வீட்டுக்குப் போகவேண்டாம், அந்த வழி புருஷனுக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். திருவிழாப் பந்தலைப் பற்றிக் கேட்டுக் கேட்டு லாரிக்காரரை உட்கார்த்தி வைத்தார் தலைவர்.

எழும்போதுதான் அவர் பின்கட்டை எட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை, குரல் உயரவில்லை. “பரவால்லண்ணே. அவ எங்கே போனாலும் பிள்ளைக்குப் பால் வாங்க வெளிய வந்துதானே ஆகணும்” என்றார். தலைவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த வார்த்தையை அப்படியே சொல்லிப் புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாமே நடந்தார்.

நான் குடும்பத்தைப் பிரித்தவள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். வெல்ஃபேர்க்காரர்கள் அவளை எங்கே வைத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.